பெற்றவர் இறந்தபின் பிள்ளை யாரிடம்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்த பிறகுதான் அந்தக் கேள்வி வீட்டுக்குள் எழும். இறந்தவர் இளம் தாயாக இருந்தால், அவளைப் பெற்றவர் மருமகனிடம் சொல்வார்: "மாப்பிள்ளை, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு வேலைக்கும் போயி நீங்க எப்படிச் சமாளிப்பீங்க? கொஞ்ச நாளைக்கு எங்ககிட்டயே இருக்கட்டும்." அவரும், "சரிங்க அத்தை, நானும் வந்து பாத்துக்கிறேன்" என்பார். அந்த நேரத்தில் அது நல்ல ஏற்பாடுதான். யாரும் அதை எழுதி வைப்பதில்லை. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று யாரும் கேட்பதும் இல்லை.

இரண்டு மூன்று வருடம் ஓடிவிடும். அப்பாவுக்கு மறுமணம் ஆகும், அல்லது வேலை நிலைப்பட்டிருக்கும். பிள்ளையை அழைத்துப்போக வருவார். அங்கே பிள்ளை பாட்டியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "எங்க பொண்ணு போனதுக்கப்புறம் எங்களுக்கு மிச்சம் இருக்கிற உசுரு இதுதான், அனுப்ப மாட்டோம்" என்பார்கள் பெரியவர்கள். "என் பிள்ளைய எனக்குத் தர நீங்க யாரு?" என்பார் அப்பா. அடுத்து காவல் நிலையம், பிறகு வக்கீல், பிறகு குடும்ப நல நீதிமன்றம்.

இரண்டு தரப்பும் ஒரே நம்பிக்கையோடுதான் நீதிமன்றப் படியேறுகின்றன. பெற்றவன் என்ற உரிமை போதும் என்று அப்பா நினைக்கிறார். வளர்த்த பாசம் போதும் என்று தாத்தா பாட்டி நினைக்கிறார்கள். நீதிமன்றம் இரண்டையும் கேட்டுக்கொள்ளும். ஆனால் தீர்ப்பை வேறொரு கேள்வியின் மீதுதான் எழுதும்: இந்தப் பிள்ளையின் நலன் எந்த வீட்டில் இருக்கிறது? நலன் என்ற அந்தச் சொல்லை நீதிபதிகள் எப்படி அளக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், பாதி வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியிலேயே முடித்துக்கொள்ளலாம்.

சட்டம் சொல்லும் வரிசை

இந்தியாவில் எந்த மதத்துக் குழந்தையானாலும், கார்டியன் நியமனம் தொடர்பான அடிப்படைச் சட்டம் 1890-ஆம் ஆண்டின் கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்தான். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்லப்படும் மனு இந்தச் சட்டத்தின் கீழ் போடப்படுவது. இந்துக்களுக்கு இதோடு 1956-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் சேர்ந்து வரும். அது இயற்கைக் கார்டியன் என்று அப்பாவையும் அம்மாவையும் மட்டுமே சொல்கிறது. தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, அத்தை யாருமே இயற்கைக் கார்டியன் ஆக மாட்டார்கள். அவர்கள் நீதிமன்றம் நியமித்தால்தான் சட்டப்படி கார்டியன்.

1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னொரு கதவையும் பாதி சாத்துகிறது. அப்பா உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாத வரை, வேறொருவரைப் பிள்ளையின் கார்டியனாக நியமிக்க முடியாது. பழைய சட்டத்தில் இந்தப் பாதுகாப்பு அப்பாவுக்கு மட்டும் இருந்தது. 2010-இல் வந்த திருத்தத்தில்தான் அம்மாவும் சேர்க்கப்பட்டார்.

ஆகவே பெற்றோரில் ஒருவர் உயிரோடு இருந்தால், தாத்தா பாட்டி ஒரு படி கீழே நின்றுதான் வழக்கைத் தொடங்குகிறார்கள். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஆனால் வழக்கு அதோடு முடிவதில்லை. கார்டியன் யார் என்பது ஒரு கேள்வி, பிள்ளை இப்போது யாரோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. கார்டியன் என்பவர் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுபவர். கஸ்டடி என்பது பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிப் பள்ளிக்குப் போகிறது என்பது. அப்பா இயற்கைக் கார்டியனாக இருக்கும்போதே, பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்குகள் உண்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, மைனரின் நலனே முதன்மையானது என்று சொல்லி மற்ற உரிமைகளை எல்லாம் அதற்குப் பின்னால் நிறுத்துகிறது.

இருவரும் இறந்த வீடு

நலன் எப்படி அளக்கப்படுகிறது என்பதைப் பார்க்க, அகமதாபாத்தில் தொடங்கிய ஒரு வழக்கை முழுதாக எடுத்துக்கொள்வோம்.

2021-ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலை. ஒரு சிறுவனின் அப்பா மே மாதம் இறந்தார். அடுத்த மாதம் அம்மாவும் இறந்தார். பையன் பள்ளிப் பருவத்தைத் தொடங்கும் வயதில் இருந்தான். அப்பாவைப் பெற்ற தாத்தாவும் பாட்டியும் அகமதாபாத்தில் இருந்தார்கள். அம்மாவின் அக்கா தங்கை குடும்பம் தாஹோத் என்ற ஊரில். பையனை அங்கே அழைத்துப் போனார்கள், திருப்பி அனுப்பவில்லை. தாத்தா உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்.

குஜராத் உயர் நீதிமன்றம் 2022 மே மாதம் பையனைப் பெரியம்மா சித்தி முறையில் இருந்த அந்தப் பெண்ணிடமே விட்டது. அதன் கணக்கு இப்படி இருந்தது. அவருக்கு வயது 46, திருமணமாகாதவர், மத்திய அரசு ஊழியர், கூட்டுக் குடும்பத்தில் வசிப்பவர். தாத்தாவுக்கு 71, பாட்டிக்கு 63, வருமானம் ஓய்வூதியம் மட்டும். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் இதுவே சரி என்றுதான் தோன்றும்.

அடுத்த மாதமே உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, அனிருத்தா போஸ் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, பையனைத் தாத்தா பாட்டியிடம் ஒப்படைக்கச் சொன்னது. வருமானம் கூடுதல், வயது குறைவு, குடும்பம் பெரியது என்பவை மட்டுமே தராசைச் சாய்க்கக் கூடாது என்றது. தாத்தா பாட்டி சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை என்பதைக் கவனித்தது. தாஹோத்தைவிட அகமதாபாத்தில் படிப்பு வசதி நன்றாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டது.

இந்தத் தீர்ப்பில் எல்லோரும் எடுத்துப் பேசிய இன்னொரு கருத்தும் உண்டு. நம் சமூகத்தில் அப்பா வழித் தாத்தா பாட்டிதான் பேரனை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கருத்து அது. இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்வது தவறு என்றே நான் நினைக்கிறேன். சட்டத்தில் அப்பா வழி, அம்மா வழி என்ற பேதம் இல்லை. உறவின் நெருக்கம் என்று மட்டுமே 17-ஆம் பிரிவு சொல்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும் நம் ஊரில், அம்மா வழிப் பாட்டியின் கையில் குளித்து வளர்ந்த பிள்ளைகள்தான் ஏராளம். அந்தப் பையன் விஷயத்தில் தாத்தா பாட்டி சரியான இடமாக இருந்தார்கள் என்பதை நிலைநாட்ட மற்ற காரணங்களே போதும்.

இந்த வழக்கு பெரியவர்களுக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. எழுபது வயது ஆகிவிட்டது, பென்ஷன்தான் வருகிறது என்பதாலேயே பிள்ளையைக் கேட்கும் உரிமை போய்விடாது. ஆனால் வயது பற்றிய கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு நேர்மையான பதில் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அடுத்து யார் பார்த்துக்கொள்வார்? அந்த வீட்டில் இளையவர் யார்? பையன் பத்தாம் வகுப்பு எழுதும்போது உங்களுக்கு எத்தனை வயது? இதை யோசித்து, அடுத்த தலைமுறையில் பொறுப்பேற்பவரையும் மனுவிலேயே சொல்லிவிடுகிற தாத்தாவின் கை ஓங்கியிருக்கும்.

அப்பா திரும்பி வரும்போது

அம்மா இறந்து, அப்பா உயிரோடு இருக்கும் வழக்குகள்தான் அதிகம் கசப்பானவை. இங்கே உச்ச நீதிமன்றத்தின் போக்கைக் காட்ட மூன்று வழக்குகள் போதும்.

முதலாவது, 2024 ஆகஸ்டில் முடிந்தது. இதுவும் 2021-இல் கொரோனா பறித்த ஒரு தாயின் குடும்பம். கைக்குழந்தையை இறந்தவரின் சகோதரிகள் எடுத்துப் போய் வளர்த்தார்கள். மூத்த பையன் அப்பாவிடம் இருந்தான். பிறகு அப்பா மகளைக் கேட்டபோது தரவில்லை. நெருக்கடியான நேரத்தில் தற்காலிகமாகக் கொடுத்ததை வைத்து, நிரந்தரமாக அப்பாவிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் மகளை அப்பாவிடம் அனுப்பியது.

இரண்டாவது, 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் பி.ஆர்.கவாய், கே.வினோத் சந்திரன் அமர்வு தீர்த்தது. அம்மா 2021-இல் இறந்தார். பையன் தாத்தா பாட்டியிடம் இருந்தான். அலகாபாத் உயர் நீதிமன்றம் பையன் அங்கே நிம்மதியாக இருக்கிறான் என்று அவர்களிடமே விட்டது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா இருந்த காலமெல்லாம் பையன் பெற்றோர் இருவரோடும் வாழ்ந்தவன். அப்பா படித்தவர், அரசுப் பணியில் இருப்பவர். மனைவியைக் கொடுமைப்படுத்தினார் என்றோ பிள்ளையை அடித்தார் என்றோ ஒரு குற்றச்சாட்டும் இல்லை. அப்படிப்பட்ட அப்பாவைவிடத் தாத்தா பாட்டிக்குக் கூடுதல் உரிமை இருக்க முடியாது என்றது.

ஆனால் மறுநாளே பையனைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. கல்வியாண்டு முடியும் ஏப்ரல் இறுதிவரை அதே வீட்டில் இருக்கட்டும், இடையில் அப்பாவோடு பழகட்டும், மே முதல் தேதி ஒப்படைக்கலாம் என்று கால அட்டவணை போட்டது. நலன் என்ற சொல் உண்மையில் எப்படி வேலை செய்கிறது என்பது இந்த அட்டவணையில்தான் தெரிகிறது. யாரிடம் என்பதோடு, எப்போது, எப்படி என்பதும் பிள்ளையின் நலனில் அடங்கும்.

மூன்றாவது, எதிர்த் திசையில் நிற்கும் 2008-ஆம் ஆண்டு வழக்கு. மேற்கு வங்கத்தில் 2004-இல் ஒரு இளம் தாய் சந்தேகத்துக்குரிய முறையில் இறந்தார். வரதட்சணைக் கொடுமை, மரணம் என்று கணவர் மீது வழக்குப் பதிவாகி அவர் கைது செய்யப்பட்டார். ஐந்து வயதுப் பிள்ளை அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியிடம் வந்தான். அப்பா ஜாமீனில் வந்து பிள்ளையைக் கேட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, அவர்தான் இயற்கைக் கார்டியன் என்று சொல்லி, கீழ் நீதிமன்றமும் கொல்கத்தா உயர் நீதிமன்றமும் அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன.

உச்ச நீதிமன்றம் இரண்டு தவறுகளைச் சுட்டிக்காட்டியது. கார்டியனாகப் போகிறவரின் குணநலனைப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, மனைவியின் மரணத்துக்காக விசாரணையில் நிற்கும் அப்பாவை, தீர்ப்பு வரவில்லை என்ற ஒரே காரணத்தால் ஆராயாமல் விட்டது முதல் தவறு. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவு செய்தது இரண்டாவது. நீதிபதிகள் பிள்ளையைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். தாத்தா பாட்டியோடுதான் இருக்க வேண்டும் என்று அவன் தெளிவாகச் சொன்னான். தீர்ப்பும் அப்படியே அமைந்தது.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு புலப்படும். அப்பா மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை, பிள்ளை அவரோடு ஏற்கெனவே வாழ்ந்திருக்கிறது அல்லது பழகிக்கொள்ளும் வயதில் இருக்கிறது என்றால் அப்பாவின் பக்கம் கனம் கூடும். தாயின் மரணத்தில் அப்பாவின் நிழல் விழுந்தாலோ, குடியும் அடியும் இருந்தாலோ, வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்தாலோ கனம் இந்தப் பக்கம் சாயும். மறுமணம் மட்டும் தனியாக ஒரு குறையாகாது. அந்த வீட்டில் பிள்ளைக்கு என்ன இடம் இருக்கும் என்றுதான் நீதிபதி பார்ப்பார்.

அப்பா இறந்து, அம்மா மறுமணம் செய்துகொண்டால்

நிலைமை தலைகீழாகவும் வரும். மகன் இறந்த வீட்டில், மருமகள் வேறு திருமணம் செய்துகொண்டால், "எங்க வம்சத்துப் பிள்ளை அந்நியன் வீட்டில் வளரக் கூடாது" என்று பெரியவர்கள் கிளம்புவார்கள். ஆந்திரத்தில் 2006-இல் இப்படி ஒரு அப்பா இறந்தபோது குழந்தைக்குச் சில மாதமே ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு அம்மா மறுமணம் செய்துகொண்டார். 2008-இல் தாத்தா பாட்டி தங்களைக் கார்டியனாக நியமிக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது சரியல்ல என்று கீழ் நீதிமன்றம் மறுத்தது. அதே சமயம் அவர்கள் பேரனை வந்து பார்ப்பதற்கு வழி செய்தது.

மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம், பிள்ளைக்கு இறந்த தகப்பனின் குடும்பப் பெயரையே வைக்க வேண்டும், ஆவணங்களில் இப்போதைய கணவரை மாற்றாந்தகப்பன் என்று குறிக்க வேண்டும் என்று சொன்னது. 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து நீக்கியது. ஒவ்வொரு படிவத்திலும் அந்தச் சொல்லைத் தாங்கித் திரியும் பிள்ளையின் மனம் என்ன ஆகும் என்று யோசிக்காத உத்தரவு அது என்றது. அப்பா இல்லாதபோது, பிள்ளையின் குடும்பப் பெயரை முடிவு செய்வது அம்மாவின் உரிமை என்றும் சொன்னது. தாத்தா பாட்டிக்குப் பேரனைப் பார்க்கும் ஆசை நியாயமானது. அந்த ஆசைக்குப் பிள்ளையின் அன்றாட வாழ்க்கையை விலையாகக் கொடுக்க முடியாது.

நீதிபதி உண்மையில் எதைப் பார்க்கிறார்

17-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: பிள்ளையின் வயது, பால், மதம், கார்டியனாக விரும்புபவரின் குணம், திறன், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோர் ஏதாவது விருப்பம் சொல்லியிருந்தால் அது, பிள்ளையோடும் அதன் சொத்தோடும் அவருக்கு இதுவரை இருந்த தொடர்பு. விவரம் தெரிந்த வயதாக இருந்தால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம். எந்த வயது என்று சட்டம் எண் போடவில்லை. பிள்ளையைப் பார்த்து நீதிபதியே முடிவு செய்கிறார்.

பட்டியல் காகிதத்தில் இப்படி இருந்தாலும், விசாரணையில் அது சின்னச் சின்ன அன்றாடக் கேள்விகளாக மாறும். தடுப்பூசி அட்டையில் யாருடைய தொலைபேசி எண் இருக்கிறது? மதிப்பெண் பட்டியலில் யார் கையெழுத்து? பெற்றோர் கூட்டத்துக்குப் போனது யார்? போன வருடம் காய்ச்சலில் மருத்துவமனையில் படுத்தபோது பக்கத்தில் இருந்தது யார்? பள்ளிக் கட்டணம் யாருடைய கணக்கிலிருந்து போனது? வக்கீலின் வாதத்தைவிட இந்தத் துண்டுக் காகிதங்கள் அதிகம் பேசும்.

பிள்ளையோடு நடக்கும் பேச்சு நீதிபதியின் தனியறையில்தான். இரு தரப்பும் வெளியே நிற்க வேண்டும். கருப்பு அங்கியைப் பார்த்து மிரளாமல் இருக்க, அனுபவமுள்ள நீதிபதி வழக்கைப் பற்றி எதுவும் கேட்காமல் தொடங்குவார். உன் பெஸ்ட் பிரண்ட் யார்? காலையில் தலை பின்னி விடுவது யார்? பயமாக இருந்தால் யார் பக்கத்தில் படுத்துக்கொள்வாய்? அப்பா வந்தால் என்ன விளையாடுவீர்கள்? இந்தப் பதில்களில் ஒட்டுதல் தானாக வெளிவரும். சொல்லிக் கொடுத்து அனுப்பிய பிள்ளையும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஏழு வயதுப் பெண், "அப்பாவுக்கு என் எதிர்காலத்துல அக்கறை இல்ல, அவருக்குச் சொத்துதான் முக்கியம்" என்று மூச்சுவிடாமல் சொன்னால், அது பெரியவர்களின் வாசகம் என்று நீதிபதிக்கு உடனே தெரியும். அப்படிச் சொல்லிக் கொடுத்த வீட்டின் மீது சந்தேகம் விழும்.

வழக்கு நடக்கும்போதே யார் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதும் பதிவாகிக்கொண்டே இருக்கும். இடைக்கால உத்தரவாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் அப்பா பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொல்லும். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால், அந்தத் தாத்தா பாட்டி தங்கள் வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். அதேபோல் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கிவிட்டு நான்கு வாரம் வராத அப்பாவும். இறந்த பெற்றோரின் உறவுகளோடு பிள்ளையைத் தொடர்பில் வைத்திருப்பது யார் என்பதைப் பல நீதிபதிகள் உன்னிப்பாகக் கவனிக்கிறார்கள். ஏற்கெனவே ஒருவரை இழந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பை உண்டாக்கும் வீடு நல்ல வீடாக இருக்க முடியாது.

எந்தக் கதவைத் தட்டுவது

வழிகள் இரண்டு. ஒன்று ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றத்தில் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம், விரைவாக முடியும். பிள்ளையை உரிமையில்லாத ஒருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்பது இதன் அடிப்படை. மற்றொன்று, பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் குடும்ப நல நீதிமன்றத்தில் ஜி.டபிள்யூ.ஓ.பி. போடுவது. அதில் சாட்சி, குறுக்கு விசாரணை, கவுன்சலிங் என எல்லாம் உண்டு, காலமும் ஆகும்.

பிள்ளை வெகுகாலம் தாத்தா பாட்டியிடம் வளர்ந்திருந்தால், விரிவான விசாரணை இல்லாமல் ஆட்கொணர்வு மனுவில் இடம் மாற்றுவது சரியல்ல. 2024 மே மாதம் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், அம்மா வழிப் பாட்டியிடம் இருந்த பிள்ளையை அப்பாவிடம் ஒப்படைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை இந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்து, கார்டியன் சட்டத்தின் கீழ் போகச் சொன்னது. 2025-ஆம் ஆண்டு வழக்கில் ஆட்கொணர்வு மனுவிலேயே அப்பாவிடம் அனுப்பியது. அப்பா மீது சந்தேகத்துக்கு இடமில்லாதபோது விரைவு வழி திறந்திருக்கிறது, சிக்கல் இருந்தால் நீண்ட வழிதான் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஜி.டபிள்யூ.ஓ.பி. போடும் தாத்தா பாட்டிக்கு ஒரு குறிப்பு. மனுவில் பிள்ளையின் பிறந்த தேதி, வசிப்பிடம், நெருங்கிய உறவினர்கள், சொத்து விவரம் எல்லாம் இருக்க வேண்டும். கார்டியனாகச் சம்மதம் என்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட்டு, குறைந்தது இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். எதிர்த்தரப்பு உறவினர்களின் பெயரை மறைத்து மனுப் போடுவது பெரிய தவறு. தெரிய வந்தால் மொத்த மனுவின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

பணம் பற்றிய கேள்வி

இந்த வழக்குகளில் பலவற்றின் அடியில் பணம் இருக்கிறது. இறந்தவரின் காப்பீட்டுத் தொகை, விபத்து இழப்பீடு, பி.எஃப்., வீட்டில் பங்கு. பிள்ளை யாரிடமோ பணமும் அவரிடம் என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். சட்டம் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. விபத்து இழப்பீட்டில் மைனரின் பங்கை வழக்கமாகத் தீர்ப்பாயமே வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட்டு, வயது வந்த பிறகு எடுக்கச் சொல்லும். மைனரின் நிலத்தையோ வீட்டையோ இயற்கைக் கார்டியனான அப்பாவோ அம்மாவோகூட நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்க முடியாது. நியமிக்கப்பட்ட கார்டியனுக்கும் அதே கட்டுப்பாடுதான். கணக்குக் கேட்டால் காட்ட வேண்டும்.

ஆகவே மனுவிலேயே, பிள்ளையின் பணத்தைத் தொட மாட்டேன், அது வங்கியில் அவன் பெயரில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறவர் ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறார். நலனைப் பற்றிப் பேசிக்கொண்டே பிள்ளையின் காப்பீட்டுத் தொகையைத் தன் கணக்குக்கு மாற்றியவரை எந்த நீதிபதியும் நம்புவதில்லை.

வழக்குக்கு முன்னால்

இத்தனை தீர்ப்புகளும் பிள்ளையின் சில வருடங்களைத் தின்ற பிறகுதான் வந்தன. ஆந்திரத்தில் கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய சச்சரவு உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது அந்தப் பிள்ளை பதின்பருவத்தில் இருந்தான். ஆகவே பதினாறாம் நாள் முடிந்த வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்.

கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்வதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளை எதுவரை தாத்தா பாட்டியிடம் இருக்கும், அப்பா அல்லது அம்மா எந்தெந்த நாளில் வந்து பார்ப்பார், பள்ளிச் செலவு யாருடையது, விடுமுறையில் எங்கே என்று நான்கு வரி போதும். இரு தரப்பும், ஊரில் மதிப்புள்ள இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனால் யார் எந்த எண்ணத்தோடு பிள்ளையைக் கொடுத்தார், வாங்கினார் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. அப்பாவாக இருந்தால், வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள், கட்டணத்தை உங்கள் கணக்கிலிருந்து கட்டுங்கள். தாத்தா பாட்டியாக இருந்தால், அவர் வரும்போது கதவைத் திறந்து வையுங்கள், பிள்ளையின் காதில் அவரைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லாதீர்கள்.

அதையும் மீறி வழக்கு வந்துவிட்டால், பணமில்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உதவி உண்டு. பேரப்பிள்ளைக்காக மனுப் போடும் பாட்டிக்கும் அது பொருந்தும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.